போர்ஷன் முடிச்சிட்டுத்தான் ரிவிஷன்னா, அந்த நாள் வரவே வராது

1/ நேத்து நைட் டியூட்டில ஒரு ஹவுஸ் சர்ஜன் பையன் கேட்டான். "அண்ணா, நீட் பிஜிக்கு இன்னும் அஞ்சு சப்ஜெக்ட் தொடவே இல்ல. அதை முடிச்சிட்டு கடைசி ஒரு மாசம் ரிவிஷன் போட்டா போதும்ல?" போதாதுன்னு சொன்னேன். ஏன்னு அவனுக்கு வார்டுலயே பேப்பர்ல கணக்கு போட்டுக் காட்டினேன். அதையே இங்க எழுதறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

2/ முதல்ல ஒரு விஷயம். "நீயே இன்னும் வெறும் எம்பிபிஎஸ், நீ என்ன அட்வைஸ் பண்ற"ன்னு கமெண்ட் வரும்னு தெரியும். ஆமா, வெறும் எம்பிபிஎஸ்தான். அரசு ஆஸ்பத்திரில வேலை. ரெண்டு தடவை நீட் பிஜி எழுதினவன். நான் கேட்ட பிராஞ்ச் கிடைக்கல. ஜெயிச்சவங்க எப்படி ஜெயிச்சோம்னு சொல்வாங்க. எங்க கோட்டை விட்டோம்னு தோத்தவனுக்குத்தான் தெளிவா தெரியும். அதைச் சொல்றேன்.

3/ டாக்டர் இல்லாதவங்களுக்கு ஒரு வரி விளக்கம். எம்பிபிஎஸ் முடிச்சவங்க எம்டி, எம்எஸ் சேர எழுதற தேர்வுதான் நீட் பிஜி. 19 சப்ஜெக்ட். 200 கேள்வி, மூணரை மணி நேரம். சரியான பதிலுக்கு 4 மார்க், தப்பான பதிலுக்கு 1 மார்க் கழிப்பாங்க. வேலை பார்த்துக்கிட்டே படிக்கிறவங்க நிறைய பேர். படிக்க நேரம் கிடைக்கிறது 24 மணி நேர டியூட்டிக்கு நடுவுல.

4/ இதுல எல்லாரும் சண்டை போடறது எந்த புக், எந்த ஆப், எந்த சாரோட வீடியோன்னுதான். ஆனா ரிசல்ட்டை மாத்தற ஒரு முடிவு பத்தி யாரும் பேசறதே இல்ல. புது சாப்டர் திறக்கறதை எந்தத் தேதில நிறுத்தறது? எந்தத் தேதில இருந்து முழுசா ரிவிஷன் மட்டும்?

5/ கோச்சிங் விளம்பரம் என்ன சொல்லுது? "19 சப்ஜெக்ட்டும் முழுசா கவர் பண்ணுங்க." வீட்டுல என்ன கேக்கறாங்க? "போர்ஷன் முடிச்சிட்டியாப்பா?" ஹாஸ்டல்ல என்ன பெருமை? "மச்சி நான் ஒரு சாப்டர் கூட விடல." மூணும் ஒரே பொய்யோட மூணு வடிவம். முடிச்சது கணக்கு இல்ல. தேர்வு அன்னைக்குக் காலைல தலைல மிச்சம் இருக்கறதுதான் கணக்கு.

6/ என் முதல் அட்டெம்ப்ட் கதை. அனாடமிய நவம்பர்லயே முடிச்சிட்டேன். அழகா, கலர் பேனா நோட்ஸோட. அப்புறம் அதைத் திரும்பத் தொடவே இல்ல, ஏன்னா மிச்ச சப்ஜெக்ட் வரிசைல நிக்குது. தேர்வுக்கு 9 நாள் முன்னாடி வரைக்கும் ஆர்த்தோல எலும்புக் கட்டிகளைப் புதுசா படிச்சிட்டு இருந்தேன். அந்த 9 நாள்ல 19 சப்ஜெக்ட் ரிவிஷன் பண்ணிடலாம்னு நம்பினேன்.

7/ அந்த வாரம் ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். ஒரு கேள்வி: கேவர்னஸ் சைனஸோட பக்கச் சுவர்ல போகாம, சைனஸுக்கு உள்ளயே போற நரம்பு எது? ஆறாவது நரம்பு. முதல் வருஷப் பையனுக்குத் தெரியும். நான் ஜூனியர்ஸுக்குப் படம் வரைஞ்சு சொல்லிக் கொடுத்திருக்கேன். அன்னைக்கு நாலா ஆறான்னு முழிச்சு, நாலு போட்டேன். மைனஸ் 1.

8/ வீட்டுக்கு வந்து தப்புகளை எண்ணிப் பார்த்தேன். 200ல 92 தப்பு. அதுல 51 நான் ஏற்கனவே படிச்ச விஷயம். படிக்காத பாடத்துல இருந்து தப்பு 26தான். மிச்சம் கேள்வியை அவசரத்துல தப்பா படிச்சது. ஆனா அத்தனை மாசமும் எனக்கு பயம் எதைப் பத்தி? அந்த 26ஐப் பத்தி. தையல் போட வேண்டிய இடத்துல ரத்தம் கொட்டுது, நான் மேல ஒரு பாட்டில் ரத்தம் ஏத்திட்டு இருந்திருக்கேன்.

9/ இப்ப மார்க் கணக்குக்கு வரலாம். பயத்தை எல்லாம் ஓரமா வெச்சிட்டு வெறும் கூட்டல் கழித்தல் பார்ப்போம். ஒரு கேள்விக்கு நாலு ஆப்ஷன். ஒண்ணுமே தெரியாம கண்ணை மூடிக் குத்தினா, நாலு தடவைல ஒரு தடவை 4 மார்க், மூணு தடவை மைனஸ் 1. நிகரம் 1. அதாவது சராசரியா ஒரு கேள்விக்கு கால் மார்க்.

10/ அரைகுறையா ஞாபகம் இருந்தா என்ன ஆகும்? ரெண்டு ஆப்ஷன அடிச்சிடுவோம், மிச்ச ரெண்டுக்கு நடுவுல தடுமாறுவோம். ரெண்டு தடவைல ஒரு தடவை 4, ஒரு தடவை மைனஸ் 1. சராசரி ஒண்ணரை மார்க். உறுதியா தெரிஞ்சா முழுசா 4. கால், ஒண்ணரை, நாலு. இந்த மூணு நம்பரை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

11/ புது சாப்டரைக் கடைசி மாசத்துல ஒரே ஒரு தடவை படிச்சா எங்க போய் நிப்போம்? பெரும்பாலும் "எங்கயோ பார்த்திருக்கேனே"ங்கற ரெண்டு ஆப்ஷன் நிலைல. காலுல இருந்து ஒண்ணரைக்கு ஏறியிருக்கோம். லாபம் ஒண்ணேகால். பழைய, பாதி மறந்த சாப்டரை ரிவிஷன் பண்ணினா ஒண்ணரைல இருந்து நாலுக்கு ஏறுவோம். லாபம் ரெண்டரை. சரியா ரெண்டு மடங்கு.

12/ இதுல நேரத்தை இன்னும் சேர்க்கவே இல்ல. கண் மருத்துவத்தைப் புதுசா வீடியோ பார்த்து நோட்ஸ் எடுத்துப் படிக்க 50 மணி நேரம் ஆகுதுன்னு வெச்சுக்குவோம். அதுல இருந்து 8 கேள்வி வந்தா லாபம் 10 மார்க். அதே அளவு பழைய சப்ஜெக்ட் ஒண்ணை ரிவிஷன் பண்ண 12 மணி நேரம் போதும். அதுலயும் 8 கேள்வி வந்தா லாபம் 20 மார்க். மணிக்கு எவ்வளவுன்னு பாருங்க. புதுசுக்கு 0.2, பழசுக்கு ஒண்ணரைக்கும் மேல. எட்டு மடங்கு வித்தியாசம்.

13/ "அப்ப புதுசா படிக்கவே கூடாதா?"ன்னு கேட்டா, அதுவும் தப்பு. புதுசா படிச்ச சாப்டருக்குப் பின்னாடி மூணு ரிவிஷன் வர இடம் இருந்தா, அது காலுல இருந்து நேரா நாலுக்குப் போகும். அப்ப அந்த 50 மணி நேரம் வீணில்ல. அதனால என் வரையறை இதுதான்: இன்னைக்குப் படிக்கிற புது சாப்டருக்குப் பின்னாடி ரிவிஷனுக்கு இடம் இல்லாம போற நாள் எதுவோ, அதுதான் நிறுத்த வேண்டிய நாள். போர்ஷன்ல எவ்வளவு பாக்கிங்கறதுக்கும் அந்த நாளுக்கும் சம்பந்தமே இல்ல.

14/ அந்த நாளை எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒரு நிஜ கேஸ் சொல்றேன். ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்க்கற ஒரு ஜூனியர், எனக்குத் தங்கச்சி மாதிரி. தேர்வுக்கு 120 நாள் இருக்கும்போது போன் பண்ணாங்க. "அண்ணா, 12 சப்ஜெக்ட்டும் சர்ஜரில பாதியும் முடிச்சிருக்கேன். மிச்சத்தை முடிக்க மூணு மாசம் ஆகும். கடைசி மாசம் ரிவிஷன்"னாங்க. நான் சொன்னேன், "மொதல்ல ஒரு சப்ஜெக்ட்டை ரிவிஷன் பண்ணு மா, கடிகாரம் வெச்சு."

15/ இதுதான் முதல் படி. யாரும் செய்யாத படியும் இதுதான். ரிவிஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு எல்லாரும் குத்துமதிப்பா சொல்றாங்க, அளக்கறதே இல்ல. அவங்க ஃபார்மகாலஜியை எடுத்தாங்க. முதல் தடவை படிக்க 45 மணி நேரம் ஆச்சு. இப்ப நோட்ஸை மட்டும் வெச்சு, கேள்வி போட்டுக்கிட்டே ரிவிஷன் பண்ண 11 மணி நேரம் ஆச்சு. கிட்டத்தட்ட கால் பங்கு. ரெண்டாவது ரிவிஷன் அதுல பாதி, மூணாவது அதுலயும் பாதின்னு வெச்சுக்கிட்டோம். உங்களுக்கு இந்த விகிதம் வேற மாதிரி வரலாம். அதனாலதான் அளக்கச் சொல்றேன்.

16/ ரெண்டாவது படி, கையில நிஜமா எத்தனை மணி நேரம் இருக்கு? 120 நாள்னா சுமார் 17 வாரம். டியூட்டி, டியூட்டிக்கு அடுத்த நாள் தூக்கம், லீவு நாள் எல்லாம் பார்த்தா வாரத்துக்கு 35 மணி நேரம். மொத்தம் 595. இதுல பத்துல ஒரு பங்கை வெட்டிடச் சொன்னேன். கேம்ப் வரும், காய்ச்சல் வரும், மாத்து டாக்டர் வராம டபுள் டியூட்டி வரும். மிச்சம் சுமார் 535 மணி நேரம்.

17/ மூணாவது படி, மாதிரித் தேர்வுக்கு ஒதுக்கறது. ஒரு தேர்வு எழுத மூணரை மணி நேரம், அதை அலசி ஆராய நாலரை மணி நேரம். ஆக ஒண்ணுக்கு 8 மணி நேரம். ஆறு தேர்வுக்கு 48. இது போக மிச்சம் 487. தேர்வை எழுதிட்டு மார்க்கை மட்டும் பார்த்துட்டு மூடி வைக்கறவங்க அந்த மூணரை மணி நேரத்தையும் தூக்கத்துக்கே கொடுத்திருக்கலாம்.

18/ நாலாவது படிதான் முக்கியம். இதுவரை அவங்க படிச்சது சுமார் 450 மணி நேரப் பாடம். இனி புதுசா 200 மணி நேரம் படிச்சா மொத்தம் 650. முதல் ரிவிஷன் கால் பங்கு, சுமார் 160 மணி நேரம். ரெண்டாவது 80. மூணாவது 40. ஆக ரிவிஷன் 280. புதுசு 200ஐயும் சேர்த்தா 480. கையில இருக்கறது 487. சரியா உட்காருது. 250 போட்டுப் பார்த்தோம், மீறிடுச்சு. ஏன்னா புதுசா படிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பின்னாடி ரிவிஷன் கடனையும் சேர்த்துக் கொண்டு வருது.

19/ இப்ப நாளா மாத்தினோம். வெட்டினது போக வாரத்துக்கு 31, 32 மணி நேரம். அதுல 200 மணி நேரம்னா சுமார் 45 நாள். அவ்வளவுதான். 120ல 45 நாள் புதுசு, மிச்சம் 75 நாள் ரிவிஷனும் மாதிரித் தேர்வும். "மூணு மாசம் புதுசு, ஒரு மாசம் ரிவிஷன்"னு சொன்ன அவங்க திட்டம் கிட்டத்தட்ட தலைகீழா நின்னுச்சு. போன்ல ரொம்ப நேரம் சத்தமே இல்ல.

20/ அடுத்தது வெட்டற வேலை. பாக்கி இருந்த பாடம் அவங்க கணக்குல 305 மணி நேரம்: சர்ஜரி மிச்சம் 80, பயோகெமிஸ்ட்ரி 60, கண் 50, இஎன்டி 40, ஆர்த்தோ 40, தோல் 20, மயக்கவியல் 15. இதுல 105ஐ வெட்டணும். பயோகெமிஸ்ட்ரியை முழுசா விட்டோம். சர்ஜரியை 80ல இருந்து 35 ஆக்கினோம். தோலும் மயக்கவியலும் சின்ன சப்ஜெக்ட், கொஞ்ச மணி நேரத்துல முழுசா கைக்குள்ள வரும். அதனால அதை முதல்லயே போட்டோம்.

21/ "அண்ணா, சர்ஜரில பாதியை விட்டுட்டு எப்படிண்ணா போறது? பயமா இருக்கு"ன்னாங்க. நியாயமான பயம். நான் கேட்டேன், "விடாம படிச்சா எதை விடப் போற?" ஏன்னா விடறதுங்கறது எப்படியும் நடக்கும். பயோகெமிஸ்ட்ரியை நாமளா தேர்ந்தெடுத்து விடலாம். இல்லன்னா தேர்வு ஹால்ல பேத்தாலஜி, மைக்ரோ, அனாடமின்னு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா நம்மளை அறியாம விட்டுப் போகும். முதல்ல சொன்னது கண்ணுக்குத் தெரியுது, அதனால பயம். ரெண்டாவது கண்ணுக்குத் தெரியாது, அதனால தைரியம். அவ்வளவுதான் வித்தியாசம்.

22/ இந்தத் தேதிக்கணக்கு ஒரு பக்கம். இன்னொரு சோதனையும் இருக்கு, ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும். ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கு அப்புறமும் தப்புகளை மூணு கோடு போட்டுப் பிரிங்க. ஒண்ணு, படிக்கவே இல்ல. ரெண்டு, படிச்சேன் மறந்துட்டேன். மூணு, தெரியும் ஆனா கேள்வியைத் தப்பா படிச்சேன். ரெண்டாவது கோடு முதல் கோட்டைத் தாண்டிடுச்சுன்னா, உங்க நிறுத்தற நாள் வந்தாச்சு. காலண்டர்ல இன்னும் பத்து நாள் பாக்கி இருந்தாலும் சரி.

23/ இதுல ஏமாத்திக்கக் கூடாத ஒரு இடம் இருக்கு. விடையைப் பார்த்ததும் "அட, இது தெரியுமே"ன்னு தோணும். அதைத் தெரிஞ்ச கணக்குல எழுதாதீங்க. விடையைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கறது வேற, விடை இல்லாம வெளிய எடுக்கறது வேற. ஹால்ல ரெண்டாவதுக்குத்தான் மார்க். "தெரியுமே"ன்னு தோணினது எல்லாம் ரெண்டாவது கோட்டுக்குத்தான் போகணும்.

24/ இதுக்கு ஆராய்ச்சி ஆதாரமும் இருக்கு. 2006ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிச்சுது. இன்னொரு குழு ஒரு தடவை வாசிச்சிட்டு, மூடி வெச்சு ஞாபகத்துல இருந்து எழுதிப் பார்த்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா வாசிச்ச குழு முன்னாடி. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா எழுதிப் பார்த்த குழு நல்லா முன்னாடி.

25/ இதோட அர்த்தம் என்ன? ரிவிஷன்னா நோட்ஸை மறுபடி மஞ்சள் பேனாவால கோடு போடறது இல்ல. அது அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். முதல்ல அந்த சப்ஜெக்ட்ல 50 கேள்வி போடுங்க. தப்பு வந்த இடத்துக்கு மட்டும் நோட்ஸைத் திறங்க. மூடி வெச்சு ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிப் பாருங்க. கஷ்டமா இருக்கும், எரிச்சல் வரும். வந்தா சரியாத்தான் பண்றீங்க.

26/ இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கு. 2024ல இருந்து நீட் பிஜில 200 கேள்வியை 40, 40ஆ அஞ்சு பகுதியாப் பிரிச்சிட்டாங்க. ஒரு பகுதிக்கு 42 நிமிஷம். அது முடிஞ்சா மூடிடும், திரும்பப் போய்ப் பார்க்க முடியாது. கேள்விக்கு ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. "இதைக் கடைசில யோசிப்போம்"ங்கற வழியே சுருங்கிப் போச்சு. மெதுவா ஞாபகம் வர்றது எல்லாம் இப்ப ஞாபகம் வராத கணக்குதான். வேகம் ரிவிஷன்லதான் வரும், முதல் வாசிப்புல வராது.

27/ நிறுத்தின நாளுக்கு அப்புறம் கை அரிக்கும். டெலிகிராம்ல ஒருத்தர் புது பிடிஎஃப் போடுவார். "இந்த 100 பாயின்ட் கட்டாயம் வரும்"பார். தொடாதீங்க. நான் ஒரே ஒரு விதிவிலக்கு வெச்சிருந்தேன். மாதிரித் தேர்வுல தப்பு வந்த கேள்வில புது விஷயம் இருந்தா, பழைய நோட்ஸ்லயே அந்தப் பக்கத்து ஓரத்துல ஒரு வரி. புது நோட்டு கிடையாது, புது வீடியோ கிடையாது. அந்த ஒரு வரி அடுத்த ரிவிஷன்ல தானா கூட வரும்.

28/ "தேர்வையே தள்ளி வெச்சா?" இது கற்பனை இல்ல. 2024ல ஜூன் 23 நடக்க வேண்டிய தேர்வை முந்தின நாள் ராத்திரி தள்ளி வெச்சாங்க, ஆகஸ்ட் 11தான் நடந்துச்சு. 2025லயும் ஜூன் 15ல இருந்து ஆகஸ்ட் 3க்குப் போச்சு. ரெண்டு தடவையும் சரியா 49 நாள். அந்த 49 நாளை எப்படிச் செலவழிச்சாங்கங்கறதுல பல பேரோட ரேங்க் மாறியிருக்கும்.

29/ அப்படி நடந்தா, புதுத் தேதி அறிவிக்கற வரைக்கும் ரிவிஷன் சுத்தை நிறுத்தாதீங்க. தேதி வந்ததும் அதே கணக்கை மறுபடி போடுங்க. 49 நாள் கிடைச்சா அதுல பத்து, பன்னிரண்டு நாள் விட்ட பாடத்துக்குக் கொடுக்கலாம். அதுக்கு மேல போனா ஏற்கனவே மூணு சுத்து ஓட்டினது திரும்ப மங்க ஆரம்பிச்சிடும். "49 நாள் கிடைச்சாச்சு, பயோகெமிஸ்ட்ரியை முழுசா முடிச்சிடலாம்"னு உட்கார்ந்து, பேத்தாலஜியைக் கோட்டை விட்ட ஆளை எனக்குத் தெரியும்.

30/ இந்தக் கணக்கு எங்க பொருந்தாதுன்னும் சொல்லிடறேன். பாதி போர்ஷன்கூடத் தொடாத நிலைல 60 நாள் இருந்தா, ரிவிஷன் பண்ண சரக்கே கம்மி. அப்ப மூணு ரிவிஷனை ரெண்டாக் குறைச்சு, சின்ன சப்ஜெக்ட்டா பார்த்துப் புதுசா படிக்கறதுல லாபம் இருக்கு. நான் சொன்ன மார்க் கணக்கும் சராசரிதான். தெரியாத பாடத்துலயும் வார்டு அனுபவத்தை வெச்சு ஒரு ஆப்ஷனை அடிச்சிடறவங்க உண்டு. அவங்களுக்குப் புதுப் பாடத்துல கிடைக்கிற லாபம் இன்னும் குறையும், கூடாது.

31/ அந்தத் தங்கச்சி 75 நாள் கோட்டுல நின்னாங்க. நடுவுல ரெண்டு தடவை அழுதுக்கிட்டு போன். "எல்லாரும் பயோகெமிஸ்ட்ரி முடிச்சிட்டாங்கண்ணா." நான் ஒண்ணே ஒண்ணு கேட்பேன், "இந்த வாரம் ரெண்டாவது கோடு எவ்வளவு மா?" முதல் மாதிரித் தேர்வுல படிச்சு மறந்தது 44 கேள்வி. ஆறாவதுல 17. படிக்காத பாடத் தப்பு 23ல இருந்து 19க்குத்தான் வந்துச்சு. மார்க் ஏறினது எந்தப் பக்கத்துல இருந்துன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

32/ அவங்களுக்கு சீட் கிடைச்சுது. அதுக்கு இந்தத் தேதி மட்டும்தான் காரணம்னு சொன்னா நானும் கோச்சிங் விளம்பரம் மாதிரி ஆயிடுவேன். நல்லா படிக்கிற பொண்ணு. ஆனா பழைய திட்டப்படி போயிருந்தா 44 எங்க நின்னிருக்கும்னு எனக்குத் தெரியும். ஏன்னா என் 51 எங்க நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும். ரெண்டாவது அட்டெம்ப்ட்ல நான் 60 நாளுக்கு முன்னாடி நிறுத்தினேன். மார்க் நல்லா ஏறுச்சு. நான் கேட்ட பிராஞ்சுக்குப் பத்தல. முதல் தடவையே இதைச் செஞ்சிருக்கணும்.

33/ பெற்றோருக்கு ஒண்ணு. பிளஸ் டூ முடிச்சு நீட் எழுதற பிள்ளைங்களுக்கும் அதே 4 மார்க், அதே மைனஸ் 1, அதே நாலு ஆப்ஷன். அதனால அதே கால், ஒண்ணரை, நாலு. தேர்வு நெருங்கும்போது "போர்ஷன் முடிச்சிட்டியா"ன்னு தினமும் கேக்கறீங்க இல்லையா, அந்தக் கேள்விதான் பிள்ளையைப் புது சாப்டர் பக்கம் தள்ளுது. ரெண்டு மாசம் முன்னாடி படிச்ச பாடத்துல ஒரு கேள்வித்தாளை எடுத்துக் கொடுங்க. அது போதும்.

34/ ஹவுஸ் சர்ஜன் பையன் கணக்கைப் போட்டு முடிச்சான். அவனுக்கு 68வது நாள் வந்துச்சு. "அப்ப ரெண்டு சப்ஜெக்ட்டை விட்டே ஆகணுமாண்ணா?"ன்னான். ஆமான்னேன். காலைல பார்த்தா மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த காலண்டர்ல அந்தத் தேதியைச் சிவப்புப் பேனால வட்டம் போட்டு டியூட்டி ரூம்ல மாட்டியிருக்கான். நீங்களும் இன்னைக்கு ஒரு சப்ஜெக்ட்டைக் கடிகாரம் வெச்சு ரிவிஷன் பண்ணிப் பாருங்க. எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு கீழ எழுதுங்க, டியூட்டி முடிஞ்சு வந்து சேர்ந்து கணக்கு போடுவோம்.